விடியற்காலை பஸ் ஸ்டாண்ட்: எஸ்டாப்ளிஷிங் ஷாட்டுக்கு பிராம்ப்ட் எழுதுவது எப்படி?

படம் உருவாக்கும் ஏதாவது ஒரு ஏஐ கருவியில் இந்த வரியைக் கொடுத்துப் பாருங்கள்.

```
wide establishing shot of a busy town bus stand at dawn, vendors, bikes, mist
```

வருகிற படம் பெரும்பாலும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு வியாபாரி கேமராவைப் பார்த்தபடி நிற்பார். அவர் தோளுக்குப் பின்னால் பாதி பஸ் தெரியும். ஓரத்தில் இரண்டு சைக்கிள் சாய்ந்திருக்கும். மிச்ச இடம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகை. விடியல், வியாபாரி, வண்டி, பனி என்று கேட்டதெல்லாம் வந்துவிட்டது. ஆனால் எஸ்டாப்ளிஷிங் ஷாட் மட்டும் வரவில்லை.

எஸ்டாப்ளிஷிங் ஷாட் என்பது ஒரு காட்சியின் தொடக்கத்தில் வந்து, இனி நடக்கப்போவது எங்கே, எந்த நேரத்தில் என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிடுகிற ஷாட். அடுத்த ஷாட்டில் டீ வண்டிப் பக்கத்தில் ஒரு பெண் நிற்பதைக் கிட்டத்தில் காட்டப்போகிறோம் என்றால், அந்த வண்டி பஸ்களுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, வெளியே போகும் வழி எங்கே என்பதெல்லாம் அதற்குள் பார்ப்பவர் மனதில் பதிந்திருக்க வேண்டும். அகலமாக எடுத்த படமெல்லாம் இந்த வேலையைச் செய்துவிடாது. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. படத்தை மூடி வைத்துவிட்டு, அந்த இடத்தை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பஸ்கள் இங்கே, கடை இங்கே, வண்டிகள் இங்கே என்று கட்டம் போட முடிந்தால் ஷாட் வேலை செய்கிறது. ‘நிறைய பேர் இருந்தார்கள், பனியாக இருந்தது’ என்பதற்கு மேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால் அது வெறும் சூழல் படம்தான்.

மேலே உள்ள பிராம்ப்ட் அதில்தான் கோட்டை விடுகிறது. அதில் பொருள்கள் இருக்கின்றன, இடம் இல்லை. எது முன்னால், எது பின்னால், யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. சொல்லாததைக் கருவி தன் பழக்கத்தால் நிரப்பிக்கொள்ளும். மனிதர் என்று கண்டால் அவரை நடுவில் வைத்துப் பெரிதாகக் காட்டுவது அதன் பழக்கம். அது கற்றுக்கொண்ட புகைப்படங்களில் பெரும்பாலானவை அப்படி எடுத்தவைதான்.

முதலில் முடிவு செய்யவேண்டியது கேமராவின் உயரம். பஸ் ஸ்டாண்டைப் பொறுத்தவரை இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் கணிப்பு, ஏனென்றால் பஸ் உயரமான வண்டி. சாதாரண ஒற்றைத் தட்டு பஸ் ஏறக்குறைய 3 மீட்டர் உயரம் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் கண் உயரம் 1.6 மீட்டர். அந்த உயரத்தில் கேமராவை வைத்தால், முன்னால் நிற்கிற முதல் பஸ்ஸே ஒரு சுவராகிவிடும். அதற்குப் பின்னால் என்ன இருந்தாலும் தெரியாது. கேமராவை 6 மீட்டருக்கு ஏற்றிப் பாருங்கள். 20 மீட்டர் தள்ளி நிற்கும் பஸ்ஸின் கூரையைத் தொட்டுக்கொண்டு போகிற பார்வைக் கோடு, 40 மீட்டரில் தரையைத் தொடும். அதாவது பஸ்ஸுக்குப் பின்னால் சுமார் 20 மீட்டர் தரைதான் மறைகிறது. அதற்கு அப்பால் எல்லாம் திறந்து கிடக்கிறது.

சரி, அப்படியென்றால் ட்ரோன் உயரத்துக்கே போய்விடலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் 60 மீட்டரிலிருந்து பார்த்தால் மனிதர்கள் புள்ளிகள், வண்டிகள் கோடுகள். வியாபாரி யார், பயணி யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தக் காட்சிக்கு மாடியின் உயரம்தான் சரியாக வரும். பிராம்ப்டிலும் ‘ஹை ஆங்கிள்’ என்று மொட்டையாக எழுதாமல், பக்கத்துக் கட்டடத்தின் மாடியிலிருந்து, சுமார் 6 மீட்டர் உயரம் என்று எழுதுங்கள். கருவி அடிக்கோல் வைத்து அளக்காது. ஆனால் ‘மாடியிலிருந்து’ என்ற சொல்லோடு எந்த மாதிரிப் படங்கள் சேர்ந்து வரும் என்பதைக் கற்று வைத்திருக்கிறது.

லென்ஸ் எண்ணும் அப்படியே. உண்மையான ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் படுக்கைவாட்டில் சுமார் 74 டிகிரி அகலத்தைப் பிடிக்கும், 35 மில்லிமீட்டர் சுமார் 54 டிகிரி. ஏஐ கருவி இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ‘24mm’ என்று குறிப்பு எழுதிய படங்கள் எப்படி இருந்தன என்ற பொதுவான சாயலைத்தான் கொண்டுவருகிறது. அதனால் எண்ணை நம்பி உட்காராமல், முன்னாலும் பின்னாலும் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்புலத்தை மங்கலாக்கி, மறுபடியும் ஒரு ஆளைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்திவிடும்.

அடுத்தது, எதை எங்கே வைப்பது. படத்தை முன், நடு, பின் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை கொடுப்பது நல்லது. முன்னால் பைக்குகள் வரிசையாக நிற்கட்டும். அவை அசையாதவை, திரும்பத் திரும்ப வரும் வடிவம் உள்ளவை, சட்டத்தின் அடிப்பகுதியை ஒரு வேலி மாதிரி அடைத்துக்கொள்ளும். நடுவில் திறந்த தரை, அங்கேதான் ஆட்கள், டீ வண்டி, செய்தித்தாள் விற்பவர். பின்னால் பஸ்களின் வரிசை, அதற்கும் பின்னால் மரங்கள். எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் வைக்கும் ஆசைதான் தொடக்கத்தில் படத்தைக் கெடுக்கும். நடுவில் வெற்றுத் தரை கொஞ்சமாவது தெரிந்தால்தான் தூரம் தெரியும்.

இங்கே ஒரு சின்ன இடைஞ்சல். ‘bikes’ என்று எழுதினால் நாம் நினைப்பது மோட்டார் பைக், கருவி வரைவது பெரும்பாலும் சைக்கிள். ‘bus stand’ என்றால் சாலையோரம் ஒரு நிழற்குடையும் பெஞ்சும் போட்டுத் தந்துவிடும். அதனால் முன்னதற்கு ‘motorcycles and scooters’ என்றும், பின்னதற்கு ‘bus terminal yard’ என்றும் விவரமாக எழுதுவது பாதுகாப்பு. எந்த நாடு, எந்த வட்டாரம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அதையும் கருவியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். உங்கள் கதை நடக்கும் ஊரை எழுதிவிடுங்கள். எழுதிய பிறகும் பஸ்ஸின் ஏறும் வாசல் எந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று பாருங்கள். இடதுபுறம் வண்டி ஓட்டும் நாட்டில் வாசல் வலப்பக்கம் வந்திருந்தால் படத்தில் ஏதோ ஒட்டவில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றும், காரணம் மட்டும் பிடிபடாது.

இப்போது பனி. இந்த பிராம்ப்டிலேயே அதிகம் சொதப்புகிற சொல் இதுதான். ஆனால் சரியாக வைத்தால் நம் வேலையில் பாதியைச் செய்துகொடுப்பதும் இதுதான்.

பனிமூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். நமக்கும் பொருளுக்கும் இடையில் எவ்வளவு துளிகள் இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அந்தப் பொருள் வெளிறிப்போகும். நிறம் குறையும், கருமை குறையும், விளிம்பு கரையும். பக்கத்தில் இருக்கும் பைக் கறுப்பாகவே இருக்கும், நடுவில் இருக்கும் டீ வண்டி கொஞ்சம் சாம்பல், கடைசி பஸ் வெளிர்ந்த ஒரு வடிவம், மரங்கள் வெறும் சாயல். கண் இந்த வெளிறலைத்தான் தூரமாகப் படித்துக்கொள்கிறது. மூன்று அடுக்குகளாக நாம் பிரித்ததைப் பனி தானாகவே காட்டிக்கொடுக்கும்.

வெறுமனே ‘mist’ என்று எழுதினால் இது நடக்காது. கருவி அந்தச் சொல்லைப் படம் முழுக்க ஒரே அளவாகப் பூசிவிடும். அப்போது முன்னால் நிற்கும் பைக்கும் வெளிறியிருக்கும், பின்னால் இருக்கும் மரமும் அதே அளவு வெளிறியிருக்கும், இரண்டுக்கும் இடையே தூரமே இருக்காது. கண்டுபிடிப்பது சுலபம்: படத்தில் எங்காவது உண்மையான கறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன்புலத்தில்கூடக் கறுப்பு இல்லை என்றால் பனி மேலே ஒட்டிய படலமாகிவிட்டது. இதற்கு மருந்து, பனியின் இடத்தைச் சொல்வது. ‘பின்னால் உள்ள பஸ்களுக்கும் மரங்களுக்கும் நடுவே மெல்லிய பனி, முன்புலம் தெளிவாக’ என்று எழுதினால் அடுக்கு திரும்பி வரும்.

வானிலை ஆய்வாளர்கள் 1 கிலோமீட்டருக்குக் குறைவான தூரம்வரை மட்டும் தெரிந்தால்தான் அதை மூடுபனி என்று கணக்கில் எடுப்பார்கள், அதற்கு மேல் தெரிந்தால் மெல்லிய பனி. நூறு மீட்டர்கூட இல்லாத ஒரு பஸ் ஸ்டாண்டுக்குள் அந்த மெல்லிய பனியை நேரில் கண்ணால் காண்பதே கஷ்டம். படத்துக்காக நாம் கேட்பது உண்மையில் அதைவிட அடர்த்தியானது. ஆனால் ‘fog’ என்று எழுதினால் பின்னால் இருக்கும் பஸ்கள் மொத்தமாகக் காணாமல் போகும் அபாயம் உண்டு. அதனால் சொல்லை மெல்லியதாக வைத்து, இடத்தைத் துல்லியமாகச் சொல்வதுதான் கைகொடுக்கும்.

விடியல் விஷயத்தில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சூரியன் வருவதற்கு முந்தைய இருபது நிமிடமா, வந்தபிறகான இருபது நிமிடமா? இரண்டும் விடியல்தான், ஆனால் வெளிச்சம் முற்றிலும் வேறு. முன்னதில் வானம் நீலம், நிழல் என்று எதுவும் இல்லை, கடை விளக்குகள்தான் சூடான மஞ்சள் புள்ளிகள். பின்னதில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக வந்து, நிழல்களை நீளமாக இழுத்துப் போடும். சூரியன் கேமராவுக்கு எதிரே இருந்தால் பனி ஒளிரும். ‘dawn’ என்று மட்டும் எழுதினால் கருவி கிட்டத்தட்ட எப்போதும் இரண்டாவதைத்தான் தரும், அதுவும் அடர் ஆரஞ்சில். அதோடு நீங்கள் விளக்குகளையும் கேட்டிருந்தால் இரண்டையும் கலந்து, தெருவிளக்கு எரியும் நேரத்தில் நடுவானில் ஒரு சூரியனையும் வைத்துவிடும். இரண்டு ஆட்களின் நிழல்கள் இரண்டு பக்கம் விழுந்திருந்தால் இந்தக் கலப்படம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் காட்சிக்கு நான் முன்னதைத்தான் எடுப்பேன். காரணம் அழகு மட்டும் அல்ல. நீல வெளிச்சத்தில் மஞ்சள் விளக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் முதலில் போகும். டீ வண்டியின் மேல் ஒரே ஒரு பல்பைத் தொங்கவிட்டால், நடுவில் ஒரு ஆளைப் பெரிதாக நிறுத்தாமலேயே அடுத்த ஷாட்டுக்கான இடத்தைப் பார்ப்பவருக்குக் காட்டிவிடலாம்.

கூட்டத்துக்கு வருவோம். ‘busy’ என்ற சொல் கருவிக்கு ஒரு எண்ணிக்கை மாதிரி. நாற்பது பேரைச் சம இடைவெளியில் தூவிவிடும், எல்லோரும் எங்கேயோ நடந்துகொண்டிருப்பார்கள். உண்மையான பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அப்படி இருக்காது. கூட்டம் கொத்துக் கொத்தாக இருக்கும்: ஏறும் வாசலில் ஒரு நெருக்கம், டீ வண்டியைச் சுற்றி நாலைந்து பேர், நடுவில் மூட்டையோடு விரைகிற ஒருவர், மற்றபடி காலித் தரை. அதனால் ‘பரபரப்பான’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, இரண்டு கொத்துகளையும் அவர்கள் செய்யும் வேலையையும் எழுதினால் பரபரப்பு தானாக வரும்.

அப்புறம் முகங்கள். அகலமான ஷாட்டில் தூரத்து முகங்கள் ஏன் மெழுகு உருகியதுபோல வருகின்றன என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் மாடலை எடுத்துக்கொள்வோம். அகலமான படத்துக்கு 1344 x 768 பிக்சல் ஒரு வழக்கமான அளவு. நம் காட்சியில் நடுப்பகுதியில் நிற்கும் ஒருவர் படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு இருப்பார், அதாவது 96 பிக்சல். தலை, உடலின் உயரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, அப்படியென்றால் 13, 14 பிக்சல். இந்த மாடல் படத்தை நேரடியாகப் பிக்சல்களில் வரைவதில்லை. நீளம், அகலம் இரண்டிலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய ஒரு கட்டத்தில் உருவாக்கி, பிறகு விரிக்கிறது. ஆக, அந்த முழுத் தலைக்கும் கிடைப்பது ஒரு பக்கத்துக்கு இரண்டு கட்டங்கூட இல்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உருகாமல் என்ன செய்யும்?

‘முகங்கள் மிகத் தெளிவாக’ என்று பிராம்ப்டில் எழுதினால் இது தீராது. நிலைமை இன்னும் மோசமாகும்: முகத்தைக் காட்டச் சொன்னீர்கள் என்று எடுத்துக்கொண்டு கருவி ஆட்களைப் பெரிதாக்கி முன்னால் கொண்டுவரும், ஷாட்டே போய்விடும். தப்பிக்கும் வழி, முகம் தேவைப்படாதபடி ஆட்களை நிறுத்துவது. பஸ்ஸில் ஏறுபவர்களின் முதுகுதான் தெரியும். டீ வண்டியைச் சுற்றி நிற்பவர்கள் வண்டியைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள். தூரத்தில் இருப்பவர்களைப் பனி பார்த்துக்கொள்ளும். கட்டாயம் ஒரு முகம் தெரிய வேண்டும் என்றால், படம் வந்தபிறகு அந்த இடத்தை மட்டும் குறித்து, பெரிதாக்கி, மறுபடி வரையச் சொல்லும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் பிராம்ப்ட் இப்படி வரும். பெரும்பாலான கருவிகள் அதிகம் படித்தது ஆங்கிலக் குறிப்புகளை என்பதால் ஆங்கிலத்திலேயே தருகிறேன். உங்கள் கருவி தமிழை நன்றாகப் புரிந்துகொண்டால் இதே வரிசையில் தமிழில் எழுதலாம்.

```
Wide establishing shot of a small-town bus terminal yard,
seen from a rooftop about 6 m high, 24mm lens, deep focus.
Foreground: a row of parked motorcycles and scooters, sharp and dark.
Middle: open damp ground, a tea cart under one bare bulb with a few
customers, a newspaper seller, passengers boarding a bus.
Background: four parked buses, trees behind them fading in thin mist.
Just before sunrise, pale blue sky, warm lamps, no direct sun.
Small figures, mostly seen from behind.
```

வரிசையைக் கவனியுங்கள். ஷாட்டும் கேமராவின் இடமும் முதலில், பொருள்கள் பிறகு, ஒளி கடைசியில். முதலில் வரும் சொற்களுக்குப் பல கருவிகள் அதிக எடை கொடுக்கின்றன. அதோடு, பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடல்களில் சொற்களைப் படிக்கும் பகுதி ஒரு தடவைக்கு 77 டோக்கன்கள்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு டோக்கன் என்பது ஏறக்குறைய ஒரு சிறிய சொல். மேலே உள்ள பிராம்ப்ட் அந்த அளவைத் தாண்டும். மிச்சத்தைச் சில மென்பொருள்கள் தனித் துண்டாகப் படிக்கும், சில வெட்டிவிடும். கேமராவைக் கடைசியில் எழுதியிருந்தால் வெட்டுப்படுவது அதுவாகத்தான் இருக்கும். புதிய மாடல்களில் இந்தக் கஷ்டம் குறைவு.

இதில் ‘no direct sun’ என்று ஒரு மறுப்பு இருக்கிறது. இது ஒரு சமரசம். மறுப்பைப் பல கருவிகள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை, ‘சூரியன் வேண்டாம்’ என்றால் சூரியன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒன்றை வரைந்துவிடும். அப்படி வந்தால் அந்தச் சொற்களை பிராம்ப்டிலிருந்து நீக்கிவிட்டு, ஸ்டேபிள் டிஃப்யூஷனில் இருக்கும் நெகட்டிவ் பிராம்ப்ட் பெட்டியில் ‘sun’ என்று மட்டும் போடுங்கள். மிட்ஜர்னியில் இதே வேலையை `--no sun` செய்யும், அகலத்துக்கு `--ar 16:9` சேர்க்க வேண்டும். சதுரப் படத்தில் எஸ்டாப்ளிஷிங் ஷாட் முயற்சி செய்வது வீண் வேலை, பக்கவாட்டில் இடமே இருக்காது.

பஸ்ஸின் பெயர்ப் பலகையில் வரும் எழுத்துகளுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். தமிழ் எழுத்துகளை நிறைய கருவிகள் இன்னும் கிறுக்கலாகத்தான் தருகின்றன. பலகையைக் காலியாக விடச் சொல்லிவிட்டு, ஊர் பெயரை எடிட்டிங்கில் ஒட்டிக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

முதல் தடவையே எல்லாம் சரியாக வராது. திருத்தும்போது சீட் எண்ணை மாற்றாமல் பூட்டி வையுங்கள். சீட் என்பது கருவி எந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து வரைய ஆரம்பிக்கிறது என்பதைக் குறிக்கும் எண். அது மாறினால் படமே வேறாகிவிடும், நீங்கள் மாற்றிய சொல் என்ன செய்தது என்று தெரியாது. சீட்டை வைத்துக்கொண்டு ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். பஸ்கள் சுவராக மறைத்தால் உயரத்தை ஏற்றுங்கள். முன்புலம் வெளிறினால் பனியின் இடத்தைத் திருத்துங்கள். டீ விற்பவர் மறுபடி நடுவுக்கு வந்துவிட்டால், அவரைப் பற்றிய சொற்கள் அதிகமாகிவிட்டன என்று பொருள். ‘சால்வை போர்த்திய, நரைத்த தாடியுள்ள முதியவர்’ என்று ஒருவருக்கு நாலு அடைமொழி கொடுத்தால், கருவி அவரைத்தான் கதாநாயகனாக எடுத்துக்கொள்ளும். அந்த விவரங்களை அடுத்த ஷாட்டின் பிராம்ப்டுக்கு மிச்சம் வையுங்கள்.

இதே காட்சியை வீடியோவாக எடுப்பதென்றால் பிராம்ப்டில் அசைவையும் சொல்ல வேண்டும், அதில் கஞ்சத்தனம் நல்லது. கேமரா அசையாமல் நிற்கட்டும், அல்லது மெதுவாக ஒரு பக்கம் திரும்பட்டும், இரண்டில் ஒன்று. பெரிய அசைவு ஒன்று போதும்: பின்வரிசையிலிருந்து ஒரு பஸ் மெல்ல வெளியே கிளம்புவது. எல்லோரையும் நடக்கச் சொன்னால் கால்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், சிலர் நடந்தபடியே இன்னொருவராக மாறுவார்கள். ஐந்தாறு விநாடி கிளிப் என்றால் ஒரு தடவை முழு வேகத்தில் பாருங்கள், அடுத்த தடவை நிறுத்தி நிறுத்தி, வண்டிகளை மட்டும் எண்ணிக்கொண்டே பாருங்கள். முதல் ஃப்ரேமில் இருந்த பைக்குகளின் எண்ணிக்கை கடைசி ஃப்ரேமில் மாறியிருந்தால் அந்த கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு சீட்டில் எடுப்பதுதான் சீக்கிரம் முடியும்.